ஒரு ஸ்லைடு, ஒரு சொல்: தன்முனைப்பு உரைக்கு ஸ்லைடு செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேள்விகள் பல இடங்களிலிருந்து வந்தாலும் பதில்களுக்கு ஒரே ஓர் உரையை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பினாங்கில் ஒரு மண்டபம். எஸ்.பி.எம். எழுதப் போகும் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு ஏழு நிமிட உரை. திரை எட்டடி அகலம், ஆறடி உயரம். கடைசி வரிசை திரையிலிருந்து அறுபது அடி. உங்கள் மண்டபத்தின் அளவு வேறாக இருந்தால் கணக்கை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏழு நிமிடம்தான் பேசப் போகிறேன். எத்தனை ஸ்லைடு வைத்துக்கொள்வது?

எட்டு போதும். அதிலும் மூன்று வெறும் கறுப்பு.

நம் உரையில் வரிசை இப்படிப் போகிறது. முதலில் கறுப்பு: வணக்கம் சொல்லி, கூட்டம் அடங்கும் வரை. இரண்டாவது, தண்ணீர்மலைக் கோயில் படிக்கட்டைக் கீழே நின்று எடுத்த படம். மூன்றாவது, ‘படி’ என்ற ஒரு சொல். நான்காவது மறுபடி கறுப்பு. பேச்சாளர் தாத்தா காலத்துத் தோட்டக் கதையைச் சொல்லும் நேரம் இது. ஐந்தாவது, பால்மரத்தில் கட்டிய மங்கு, சொட்டு விழும் நிலையில். ஆறாவது, ‘கேள்’. ஏழாவது கறுப்பு. எட்டாவது, மறுபடியும் அதே ‘படி’.

மூன்றாவது ஸ்லைடில் ‘படி’யைப் பார்ப்பவர்களுக்குப் படிக்கட்டுதான் தோன்றும், சற்று முன் அதைத்தானே பார்த்தார்கள். எட்டாவதில் அதே சொல் வரும்போது அது ‘புத்தகத்தை எடு’ என்ற கட்டளை. சொல் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. இதற்காகவே எட்டாவது ஸ்லைடைப் புதிதாகச் செய்யாமல் மூன்றாவதை அப்படியே நகல் எடுக்க வேண்டும் (Ctrl+D அழுத்தி, கடைசிக்கு இழுத்துவிடுங்கள்). எழுத்து ஓர் அங்குலம் தள்ளி நின்றால்கூட ‘இது வேறு ஸ்லைடு’ என்று கண் சொல்லிவிடும்.

கறுப்பு ஸ்லைடு எதற்கு? B பட்டனை அழுத்தினால் திரை கறுப்பாகிவிடுமே.

ஆகும். ஆனால் B-யை மறுபடி அழுத்தியதும் முன்பு இருந்த ஸ்லைடே திரும்பி வரும். படிக்கட்டைத் தாண்டி மங்குக்குப் போக நினைக்கும்போது ஒரு கணம் பழைய ஸ்லைடு தலைகாட்டிவிட்டுப் போகும். கறுப்பு ஸ்லைடை வரிசையிலேயே வைத்துவிட்டால் ‘அடுத்தது’ என்ற ஒரே பட்டனில் எல்லாம் முடிந்துவிடும். B-யை ஆபத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்: யாராவது நடுவில் மைக் வாங்கிப் பேசத் தொடங்கினால் உதவும்.

எதைச் சொல்லாகப் போடுவது, எதைப் படமாகப் போடுவது?

படம் பிடிக்க முடிந்ததைப் படமாகப் போடுங்கள். படம் பிடிக்க முடியாதது சொல். படிக்கட்டு, மங்கு, பால்மரக் கத்தி, ஃபெரி, எவர்சில்வர் சாப்பாட்டுக் கேரியர் எல்லாம் படம். கேட்பது, நம்புவது, பொறுப்பது எல்லாம் சொல்.

பலர் செய்யும் தவறு, சொல்லுக்கு ஒரு படத்தைத் தேடிப் போவது. ‘வெற்றி’ என்று தேடினால் இணையம் பனிமலை உச்சியில் இரண்டு கையையும் தூக்கி நிற்கும் யாரோ ஒருவரைத் தரும். பட்டர்வொர்த் பிள்ளைகளுக்கு அவரும் தெரியாது, பனியும் தெரியாது. அது நூறு உரைகளில் பார்த்த படம் என்பதால் கண் அதில் நிற்பதுகூட இல்லை. மங்கில் விழும் ஒரு சொட்டு என்றால் பாட்டி வீட்டு ஞாபகம் வரும் பிள்ளைகள் நாலு பேராவது அங்கே இருப்பார்கள்.

படத்தின் மேலேயே சொல்லைப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். படிக்கட்டின் கோடுகளும் எழுத்தின் கோடுகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். சிக்காமலிருக்க எழுத்துக்குப் பின்னால் நிழல், அதற்குப் பின்னால் ஒரு பட்டை என்று போய், கடைசியில் கோயில் திருவிழா பேனர் ஆகிவிடும்.

என் உரையின் முக்கியச் சொல் ‘தன்னம்பிக்கை’. பெரிதாகப் போட்டால் திரையில் அடங்கவில்லை.

ஏழு எழுத்து. அதிலும் ன், ன, கை என்று அகலமான எழுத்துகள். 16:9 ஸ்லைடில் தடித்த எழுத்துருவில் 120 பாயிண்டைத் தாண்டினால் பெரும்பாலும் விளிம்பை இடிக்கும். 4:3 ஸ்லைடில் 90-க்கே தவிப்பு.

இரண்டு வரியாக உடைக்கவும் முடியாது. ‘தன்னம் / பிக்கை’ என்று உடைத்தால் இரண்டாவது வரி சிரிப்பை வரவழைக்கும். ‘தன் / நம்பிக்கை’ என்று உடைத்தால் அது வேறு சொல்லாகிவிடுகிறது. சேரும்போது ந போய் ன வந்துவிட்டதே. இந்தச் சொல்லில் வெட்டுவதற்கு இடமே கிடையாது.

வழி என்னவென்றால் பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு அதன் வினையடிக்குப் போவது. தமிழில் வினையடிதான் ஏவலும். நம்பிக்கை என்பதற்கு ‘நம்பு’. விடாமுயற்சிக்கு ‘முயல்’ (ஐந்தாம் படிவப் பிள்ளைகள் முயல்குட்டியை நினைத்துச் சிரிப்பார்கள், அதையும் கணக்கில் வையுங்கள்). எழுச்சிக்கு ‘எழு’. படிப்புக்கு ‘படி’. இரண்டு மூன்று எழுத்தில் முடிந்துவிடும். நேரே எதிரில் இருப்பவரைப் பார்த்துச் சொல்வதுபோலவும் இருக்கும். ‘எழுச்சி’ என்று திரையில் போட்டால் அது மாநாட்டுத் தலைப்பு. ‘எழு’ என்று போட்டால் எதிரில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? பாயிண்ட் கணக்கில் சொல்லுங்கள்.

பவர்பாயிண்ட் ஸ்லைடின் உயரம் வழக்கமாக 7.5 அங்குலம், அதாவது 540 பாயிண்ட். திரை ஆறடி, அதாவது 72 அங்குலம். ஸ்லைடு திரையின் முழு உயரத்தையும் நிரப்பினால் 90 பாயிண்ட் எழுத்து திரையில் 12 அங்குலத்தைப் பிடிக்கும். ஆனால் அந்த 12 அங்குலமும் எழுத்து அல்ல. மேலே கொக்கிக்கும் கீழே உகரச் சுழிக்கும் விட்ட இடமும் அதில் சேர்ந்திருக்கிறது. ‘ப’ என்ற உடல் மட்டும் எழுத்துருவைப் பொறுத்து ஏறத்தாழ அதில் பாதி, ஆறு அங்குலம்.

பெயர்ப்பலகை எழுதுபவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: வசதியாகப் படிக்கப் பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து. அறுபது அடிக்கு ஆறு அங்குலம். ஆக இந்த மண்டபத்தில் 90 பாயிண்ட் என்பது கீழ் எல்லை. ஒற்றைச் சொல் ஸ்லைடுக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போங்கள். நம் உரையில் 200.

‘படி’ மட்டும் என்றால் இன்னும் பெரிதாக்க இடம் இருக்கிறது. ‘கேள்’ அப்படியல்ல. முன்னால் இரட்டைக் கொம்பு, நடுவில் க, பின்னால் அகலமான ள் என்று அது ‘படி’யைவிட நன்றாகவே நீளம். உரையில் வரும் சொற்களில் எது மிக நீளமோ அதை முதலில் வைத்து, பக்கத்துக்கு ஓர் அங்குலமாவது விளிம்பு விட்டு, அது எந்த அளவில் அடங்குகிறதோ அதையே எல்லாச் சொல்லுக்கும் போடுங்கள். ஒன்று 280, ஒன்று 190 என்று மாறி மாறி வந்தால் ஏதோ ஒன்று மற்றதைவிட முக்கியம் என்று கூட்டம் நினைத்துக்கொள்ளும்.

இந்தக் கணக்கைக் கவிழ்க்கும் ஒரு விஷயம் திரையின் வடிவம். எட்டுக்கு ஆறு என்பது 4:3. பழைய மண்டபங்களிலும் பள்ளிகளிலும் இன்னும் இந்தத் திரைதான் நிறைய. இதில் 16:9 ஸ்லைடைப் போட்டால் மேலும் கீழும் பட்டை விழுந்து, 72 அங்குல உயரத்தில் 54 மட்டுமே பயன்படும். எழுத்தும் கால்பங்கு சுருங்கும். முன்னாலேயே கேட்டு வைத்துக்கொண்டு, `Design > Slide Size`-இல் 4:3 என்று வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முடித்த பிறகு மாற்றினால் எல்லா ஸ்லைடையும் மறுபடி தொட வேண்டிவரும்.

நடுவில்தான் வைத்தேன். ஆனாலும் சொல் கீழே இறங்கினாற்போல் தெரிகிறது.

பவர்பாயிண்ட் நடுவில் வைப்பது எழுத்துப் பெட்டியை, எழுத்தை அல்ல. பெட்டியில் மேலே எவ்வளவு காலியிடம், கீழே எவ்வளவு என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். ‘எழு’ என்றால் ழு கீழே இறங்கும். ‘படி’ என்றால் டி-யின் கொக்கி மேலே ஏறும். அதனால் Alt+F9 அழுத்தி நடுக்கோடுகளை வரவழைத்து, ‘ப’வின் உடல் அந்தக் கோட்டில் பாதிக்குப் பாதி உட்காரும்படி அம்புக்குறி விசையால் நகர்த்துங்கள். பிறகு நாற்காலியைத் தள்ளி, அறையின் மறுகோடியில் நின்று பாருங்கள். கோடு சொல்வதைவிடக் கண் சொல்வதுதான் முடிவு.

கூடவே இரண்டு அமைப்புகளைச் சரிபாருங்கள். தலைப்புப் பெட்டியில் தட்டினால் எழுத்து பெட்டிக்கேற்பத் தானாகச் சுருங்கும்; `Do not Autofit` என்று வையுங்கள். இரண்டு வரி தவிர்க்கவே முடியாது என்றால் வரி இடைவெளியையும் பாருங்கள். வழக்கமான ஆஃபிஸ் வார்ப்புருவில் தலைப்புக்கு அது 0.9. ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழில் மேல்வரியின் உகரச் சுழி கீழ்வரியின் இகரக் கொக்கியில் போய் முட்டும். 1.1 வையுங்கள்.

வீட்டில் அழகாக இருந்தது. மண்டபத்து லேப்டாப்பில் திறந்தால் ‘படி’ இருந்த இடத்தில் gb என்று நிற்கிறது!

அது பாமினியில் தட்டச்சு செய்த எழுத்து. பாமினி யுனிகோட் எழுத்துரு அல்ல. கோப்புக்குள் இருப்பது உண்மையிலேயே g, b என்ற ஆங்கில எழுத்துகள்தான், பாமினி எழுத்துரு அவற்றுக்கு ப, டி என்று முகமூடி போட்டுக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும். பழைய மலரிலிருந்தோ அழைப்பிதழிலிருந்தோ வெட்டி ஒட்டும்போது இது நடக்கும். சொல் இரண்டெழுத்துதானே, யுனிகோடில் புதிதாகத் தட்டிவிடுங்கள்.

யுனிகோடிலேயே தட்டியும் முகம் மாறி வந்தால் நோய் வேறு: நீங்கள் தேர்ந்த எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை, அது தன்னிடம் இருக்கும் வேறொன்றைப் போட்டுக்கொண்டது. மேக்கில் செய்து விண்டோஸில் காட்டுபவர்களுக்கு இது அடிக்கடி நேரும். மலேசியரான முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி மேக்கோடு வருகிறது, விண்டோஸோடு வருவதில்லை. விண்டோஸ் தன் பங்குக்கு நிர்மலாவைப் போடும். மாற்று எழுத்துருவின் அகலம் வேறு என்பதால் 200 பாயிண்டில் ஒரு சொல் இரண்டு வரியாக உடைந்துபோகலாம்.

விண்டோஸில் `File > Options > Save > Embed fonts in the file` என்பதைத் தேர்ந்தெடுத்தால் எழுத்துரு கோப்போடு பயணம் செய்யும். ஆனால் எல்லா எழுத்துருவும் இதற்கு இடம் கொடுக்காது. எந்தக் கணினியிலும் ஏமாற்றாத வழி, சொல்லையே படமாக்கிவிடுவது. எழுத்துப் பெட்டியை வலது கிளிக் செய்து `Save as Picture`, பிறகு PNG. அந்தப் படத்தை ஸ்லைடில் வைத்து, மூல எழுத்தை வேறொரு கோப்பில் பத்திரப்படுத்துங்கள். பிழை திருத்த அது வேண்டும். படமாகிவிட்ட ‘கேல்’ மறுபடி ‘கேள்’ ஆகாது.

படமாக்கும் முன்பே எழுத்துருவைத் தேர்ந்துவிடுங்கள். இலவசமாகக் கிடைப்பவற்றில் கட்டமரன், முக்தா மலர் இரண்டுக்கும் பல தடிமன் உண்டு. தடித்ததை எடுங்கள். ஆனால் மிகத் தடித்ததில் டி-யின் கொக்கிக்குள் இருக்கும் வெள்ளை அடைபடுகிறதா என்று பாருங்கள். அடைந்தால் ஒரு படி மெலிதாக்குங்கள்.

படம் திரையில் மங்கலாக வருகிறது. போனில் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியாக வந்த படமாக இருக்கும். அனுப்பும்போதே அது படத்தைக் கசக்கிச் சிறிதாக்கிவிடுகிறது. எடுத்தவரிடம் கேட்டு, படத்தை ‘டாக்குமெண்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள்.

மங்கல் இல்லாமல் சாம்பல் பூத்தாற்போல் இருந்தால் அது புரொஜெக்டரின் குணம். நிழல்பகுதி எல்லாம் ஒரே குழம்பாகிவிடும். தண்ணீர்மலைப் படத்தை எடுக்கப் போகிறவர்களுக்காக: காலை வெயில் படிகளில் சாய்ந்து விழும் நேரத்தில் போங்கள், ஒவ்வொரு படியின் விளிம்பும் தனியே தெரியும். கேமராவை முழங்கால் உயரத்தில் பிடியுங்கள். தைப்பூசத்தன்று போகாதீர்கள், கூட்டம் தெரியும், படி தெரியாது. ஏறிப்போகும் ஒரே ஓர் ஆள், முதுகைக் காட்டியபடி, படத்தில் சிறியவராக இருந்தால் போதும். முகம் தெரியாததால் பார்க்கும் பிள்ளை தன்னை அங்கே வைத்துப் பார்க்கும். யாரிடமும் அனுமதி கேட்கும் சிக்கலும் குறையும்.

போனைப் படுக்கவைத்து எடுங்கள். போன் கேமராவின் வழக்கமான வடிவம் 4:3. நம் மண்டபத்தின் ஸ்லைடும் அதேதான் என்பதால் வெட்டாமலே பொருந்தும். 16:9 என்றால் உயரத்தில் கால்பங்கு போகும், மேலும் கீழும் இடம் விட்டு எடுக்க வேண்டும். பொருத்துவதற்காகப் பக்கவாட்டில் மட்டும் இழுக்காதீர்கள். ஏறுகிற மனிதர் குண்டாகிவிடுவார், அதைக் கூட்டம் உடனே கண்டுபிடிக்கும்.

பின்னணி கறுப்பா, வெள்ளையா?

விளக்கைப் பொறுத்தது. பகலில், ஜன்னல் திறந்த மண்டபத்தில், புரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது. அது வெளிச்சத்தைத்தான் வீசும், இருட்டை வீசாது. நீங்கள் கறுப்பு என்று நினைப்பது வெள்ளைத்துணியின் சாம்பல் நிறம். அங்கே வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துதான் நிற்கும். திரைச்சீலை மூடி விளக்கணைத்த மண்டபம் என்றால் நேர்மாறு.

கோலாலம்பூர் ஹோட்டல் மண்டபங்களில் இப்போது எல்.இ.டி. சுவர் வைக்கிறார்கள். அதில் கறுப்பு உண்மையான கறுப்பு. முழு வெள்ளை ஸ்லைடு முன்வரிசையின் கண்ணைக் கூசவைக்கும். அங்கே கறுப்பில் இளமஞ்சள் அல்லது வெள்ளை எழுத்து. சுவரின் வடிவத்தையும் கேட்டு வாங்குங்கள். 16:9 என்று நினைத்துச் செய்துகொண்டு போனால் அகலம் உயரத்தைப்போல் மூன்று மடங்காக நிற்கும்.

மலாய்க்காரத் தலைமையாசிரியரும் வருகிறார். சொல்லுக்குக் கீழே ரோமன் எழுத்தில் போடட்டுமா?

‘படி’க்குக் கீழே padi என்று போட்டால் அவர் நெல் என்று படிப்பார். பொருளை வாயால் சொல்லுங்கள், ஒரு வாக்கியம் மலாயில் போதும். திரையில் இரண்டாவது சொல் வந்தால் அது ஒற்றைச் சொல் ஸ்லைடு அல்ல.

சொல்லிவிட்டுக் கிளிக் செய்வதா, கிளிக் செய்துவிட்டுச் சொல்வதா?

படம் முன்னால் வரட்டும். கிளிக் செய்து, நாலைந்து விநாடி வாயைத் திறக்காமல் நில்லுங்கள். மேடையில் அது ரொம்ப நீளமாகத் தோன்றும், எதிரே இருப்பவர்களுக்குப் படத்தைப் பார்த்து முடிக்கவே அந்த நேரம் வேண்டும். அதற்குள் பேசினால் பாதிப் பேர் உங்களைக் கேட்கமாட்டார்கள்.

சொல் பின்னால் வரட்டும். நீங்கள் சொல்லி முடிக்கும் அசையோடு திரையில் விழ வேண்டும். முன்னாலேயே வந்துவிட்டால் எல்லாரும் படித்துவிட்டு, நீங்கள் அங்கே வந்து சேரக் காத்திருப்பார்கள்.

கடைசி ‘படி’ மட்டும் விதிவிலக்கு. அங்கே நீங்கள் சொல்லவே வேண்டாம். “வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக…” என்று நிறுத்திவிட்டு அழுத்துங்கள். கூட்டம் வாய்விட்டுப் படித்துவிடும்.

கிளிக்கர் இல்லை. பின்னாலிருந்து ஒருவர் மாற்றித் தருவார்.

“அடுத்தது, தம்பி” என்று மேடையிலிருந்து சொல்லும் நிலை வந்தால் மேலே சொன்ன நேரக்கணக்கு எல்லாம் போச்சு. ஒரு தாளில் ஏழு வரி எழுதிக் கொடுங்கள்: ஒவ்வொரு மாற்றத்துக்கும் நீங்கள் வாயால் சொல்லும் கடைசி மூன்று சொற்கள், பக்கத்தில் வர வேண்டிய ஸ்லைடு. அவரோடு ஒருமுறை பேசிப் பாருங்கள். கடைசி வரிக்குப் பக்கத்தில் ‘பாதியில் நிறுத்துவேன், உடனே அழுத்தவும்’ என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வாக்கியத்தை முடிப்பீர்கள் என்று அவர் காத்திருப்பார், அவர் அழுத்துவார் என்று நீங்கள் காத்திருப்பீர்கள்.

அனிமேஷன்?

வேண்டாம். எழுத்தெழுத்தாக வரவைக்கும் அனிமேஷனில் ‘கே’யின் கொம்பு ஒரு பக்கம், க ஒரு பக்கம் என்று பிரிந்து வரும் அபாயமும் உண்டு. எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டும் அமைப்புக்கும் இதே கதை.

மண்டபத்தில் பத்து நிமிடம்தான் சோதிக்கத் தருகிறார்கள். எதைப் பார்ப்பது?

பென்டிரைவில் பவர்பாயிண்ட் கோப்போடு அதையே PDF ஆகவும் வைத்திருங்கள். முதலில் ‘கேள்’ ஸ்லைடைப் போட்டுவிட்டுக் கடைசி வரிசைக்கு நடங்கள். ள்-இன் புள்ளி தனியாகத் தெரிந்தால் எழுத்து சரி. திரையின் நாலு மூலையையும் பாருங்கள், ஏதாவது ஓரம் துணிக்கு வெளியே விழுந்தால் புரொஜெக்டரை நகர்த்தச் சொல்லுங்கள். பிறகு கறுப்பு ஸ்லைடுக்கு மாறுங்கள்: லேப்டாப்பின் பேட்டரி எச்சரிக்கையோ வாட்ஸ்அப் அறிவிப்போ எட்டிப் பார்த்தால் கறுப்பில்தான் பளிச்சென்று தெரியும். அதை அணைத்துவிட்டு, எட்டு ஸ்லைடையும் கிளிக்கரால் ஒருமுறை தட்டி முடித்து, திரும்ப முதல் கறுப்பில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் கீழே இறங்குங்கள்.